கழுத்து நெறியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு: உடம்பைச் சோதிப்பதையும் இணையத்தில் தேடுவதையும் நிறுத்தும் வழி

நோய்ப் பயம் பல இடங்களைப் பிடிக்கும். சிலருக்கு நெஞ்சுத் துடிப்பு, சிலருக்குத் தலையிடி, சிலருக்கு வயிறு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கழுத்தில் தட்டுப்படும் நெறி. விரலுக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் அதைத் தொடாமல் இருப்பது கடினம். தொடுவதாலேயே பெரிதாகத் தோன்றும் என்பதால், பயம் எப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்பதும் இதில்தான் தெளிவாகத் தெரியும். உங்கள் பயம் வேறு உறுப்பில் இருந்தாலும் வழி இதேதான்.

திருகோணமலைப் பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடையொன்றில் கணக்குப் பார்க்கும் இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வீடு உப்புவெளியில். தடிமனும் தொண்டை நோவும் வந்து போன ஒரு கிழமையில், சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே கடலைப் பருப்பளவில் ஏதோ உருள்கிறது. கனடாவில் இருந்த பெரியப்பா நெறியில் வந்த புற்றுநோயால் இறந்தவர். அந்த இரவே போனில் "கழுத்தில் கட்டி" என்று தேடுகிறார். ஒரு மணிக்குத்தான் போனை வைக்கிறார். காலையில் எழுந்ததும் கை முதலில் போவது கழுத்துக்கு. நான்காம் நாள் அது நோகத் தொடங்குகிறது. "நேற்று நோகவில்லையே, இன்று நோகிறதே, அப்படியென்றால் வளர்கிறது." அந்த நோவு விரலால் வந்தது என்பது அவருக்குப் படவில்லை.

நெறி என்பது உடம்பின் காவல் சுரப்பி. தொண்டையிலோ பல்லிலோ தலைத்தோலிலோ கிருமி புகுந்தால் அந்தப் பக்கத்து நெறி வீங்கும். காய்ச்சல் போன பிறகும் சில கிழமைகளுக்குக் கையில் தட்டுப்படலாம். மெலிந்த உடம்புக்காரர் பலருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த, மெதுவாக உருளும் நெறிகள் எந்த நோயும் இல்லாமலே கைக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. தேடித் தேடி அமத்துகிறவர்கள் நெறியே இல்லாததையும் நெறி என்று எடுத்துக்கொள்வார்கள். தாடைக்குக் கீழே இரு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. தொண்டையின் மேற்பகுதியில் உள்ள சிறிய எலும்பின் முனைகள் இரண்டு பக்கமும் துருத்தும். கழுத்தின் பெரிய நாடி துடிக்கும் இடமும் ஒரு உருண்டைபோல் தட்டுப்படும். இவை பிறந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. இதுவரை யாரும் அவற்றைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை, ஒழுங்காகக் காட்டுங்கள்

"எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. முதல் வேலை ஒரு டொக்டரிடம் முறையாகக் காட்டுவது. ஓபிடியிலோ குடும்ப டொக்டரிடமோ காட்டினால் போதும். நேரே கொழும்பில் ஸ்பெஷலிஸ்ட்டைச் சனல் பண்ண வேண்டிய அவசியம் இல்லை. போகும்போது ஒரு துண்டுத் தாளில் மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது கண்டீர்கள், அதற்கு முன்னர் தடிமன், பல் நோ, தலையில் புண் ஏதும் இருந்ததா, ஒரு நாளில் எத்தனை தரம் தொடுகிறீர்கள். மூன்றாவதைப் பெரும்பாலானோர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அதை மறைத்தால் டொக்டர் நோவைத் தவறாக விளங்கிக்கொள்வார்.

வெளியே வருவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "எந்த மாற்றத்தைக் கண்டால் நான் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் தேதியில் வர வேண்டும்?" பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் முடிவு எடுக்கப்போவது அந்தத் தாள். நள்ளிரவில் துடிக்கும் மனதிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

தாளில் பொதுவாக வரக்கூடியவை இவை. நெறி கல்லைப்போல் கடினமாக, அசையாமல் ஒட்டியிருப்பது. வளர்ந்துகொண்டே போவது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் வருவது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நெறி நான்கு கிழமைக்கு மேல் குறையாமல் இருப்பது. காரணமில்லாமல் மெலிவது, விட்டு விட்டுக் கிழமைக்கணக்காகக் காய்ச்சல், இரவில் உடுப்பும் படுக்கை விரிப்பும் நனையும் வியர்வை. கச்சான் காற்றுக் காலத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்று வியர்ப்பது இந்தக் கணக்கில் வராது. குளிர்ந்த இரவிலும் உடுப்பு மாற்ற வேண்டிய அளவுக்கு நனைவதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் காசநோயாலும் கழுத்து நெறி வீங்குவதுண்டு. அது மருந்தால் குணமாகும், ஆனால் டொக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவருக்கு வாயில் மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால், இந்தக் கட்டுரையை வைத்துவிட்டு நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

நம் கடைக்கார இளைஞரைப் பார்த்த டொக்டர், "தொண்டைக் கிருமியால் வந்த நெறி, சின்னது, உருளுது. ஆறு கிழமையில ஒருக்கா வாங்கோ. அதுக்குள்ள வளர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ வாங்கோ" என்கிறார். நியாயமாகப் பார்த்தால் விடயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். அவருக்கு நிம்மதி வந்தது உண்மை. ஓட்டோ வீட்டு வாசலில் நிற்பதற்குள் அது போய்விட்டது: "டொக்டர் இடது பக்கத்தை நல்லா அமத்திப் பார்க்கவில்லையோ?"

நிம்மதி ஏன் நிற்பதில்லை

தொட்டுப் பார்த்தால் ஒரு நிமிடம் ஆறுதல் கிடைக்கிறது. மூளை அதைக் குறித்துவைத்துக்கொள்கிறது: பயம் வந்தது, தொட்டேன், பயம் குறைந்தது. அதனால் அடுத்த பயத்துக்கும் கையைத்தான் கேட்கும். "நான் தொட்டுப் பார்க்காமலும் ஒன்றும் நடக்கவில்லை" என்பதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு ஒருபோதும் வருவதில்லை. நுளம்புக் கடியைச் சொறிவதைப் போன்றது இது. சொறியும்போது சுகம், விட்டதும் முன்னையிலும் அரிப்பு. 1986இல் பிரித்தானியாவில் வார்விக், சல்கோவ்ஸ்கிஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் நோய்ப் பயத்தின் இந்தச் சக்கரத்தை விளக்கி எழுதினார்கள். பயத்தை நிலைக்கச் செய்வது ஆறுதல் தேடும் செயல்தான் என்பது அவர்கள் வைத்த மையக் கருத்து. இன்றைக்கும் நோய்ப் பயத்துக்கான பேச்சுச் சிகிச்சை இதன் மேல்தான் நிற்கிறது.

இதைச் சொல்லிக் கேட்பதை விட உடம்பில் கண்டால்தான் நம்பிக்கை வரும். கழுத்தை விட்டுவிடுங்கள். இடது முன்கையில், உங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கழுத்தை எத்தனை தரம், எவ்வளவு அழுத்தி அமத்துகிறீர்களோ அதேபோல் ஒரு நாள் முழுக்க அங்கே அமத்துங்கள். இரவில் அந்த இடம் நோகும், கொஞ்சம் தடித்தும் இருக்கும். இரண்டாவது சோதனைக்கு இவ்வளவும் வேண்டாம். இப்போதே தண்ணீர் குடிக்காமல் ஐந்து ஆறு தரம் தொடர்ந்து விழுங்கிப் பாருங்கள். நான்காவதில் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். "தொண்டையில ஏதோ நிக்குது" என்று பலர் சொல்வது இந்த உணர்வைத்தான். விழுங்கி விழுங்கிச் சோதிப்பதால்தான் அது வருகிறது.

எண்ணுங்கள், பிறகு குறையுங்கள்

மூன்று நாளைக்கு ஒன்றையும் நிறுத்த வேண்டாம். சட்டைப் பையில் சிறிய கொப்பியும் பேனையும் வைத்து, கை கழுத்துக்குப் போகும் ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் எங்கே, எதற்குப் பிறகு என்று இரண்டு சொல். நம் இளைஞரின் கொப்பியில் முதல் நாள் 38 கோடு, அடுத்த நாள் 41, மூன்றாம் நாள் 35. அவர் நினைத்திருந்தது "ஒரு பத்துத் தரம்". பெரும்பாலான கோடுகள் மூன்று இடங்களில் குவிந்திருந்தன: குளியலறைக் கண்ணாடி, கடையில் ஆளில்லாத பின்னேர நேரம், படுக்கை.

எண்ணும்போது மறைவான சோதனைகளையும் சேருங்கள். சட்டைக் கொலர் இறுகுகிறதா என்று பார்ப்பது, தலையைத் திருப்பிச் செல்ஃபி எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிடுவது, பார்மசியில் நிறை பார்க்கும் மெஷினில் ஏறுவது, மற்றப் பக்கத்தையும் அமத்தி ஒப்பிடுவது, அம்மாவின் கழுத்தில் இதே மாதிரி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. இவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் கை நின்ற இடத்தில் செல்ஃபி தொடங்கும்.

பிறகு குறைப்பது. ஒரேயடியாக நிறுத்த முடிந்தவர்கள் அப்படியே நிறுத்தலாம், அது குறுக்கு வழி. முடியாதவர்கள் படிப்படியாக இறங்கலாம். முதல் கிழமை, ஒரு நாளில் மூன்றே தரம், மணி குறித்து: காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு எட்டு. ஒவ்வொரு தரமும் பத்து விநாடி, விரல் நுனியால் மெதுவாக, ஒரு பக்கம் மட்டும். இரண்டாம் கிழமை, இரவு எட்டுக்கு மட்டும். மூன்றாம் கிழமை, ஒன்றுவிட்டொரு நாள். நான்காம் கிழமையிலிருந்து டொக்டர் தந்த தேதி வரைக்கும் இல்லை. நேரம் குறித்துச் செய்வதில் ஒரு பயன் இருக்கிறது. பயம் கூப்பிட்டுத் தொடுவதற்கும், மணி அடித்துத் தொடுவதற்கும் வித்தியாசம் உண்டு. மணிக்குத் தொடும்போது பயத்துக்கும் தொடுதலுக்கும் இடையிலான கட்டு மெல்ல அறுகிறது.

இடையில் கை துடிக்கும். அந்த நேரம் பயத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். நெறியை நினைக்கக்கூடாது என்று மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நினைப்பு வரட்டும், கையை மட்டும் வேறு வேலையில் வையுங்கள். தேங்காய் துருவலாம், சரக்கு அடுக்கலாம். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் எண் போடுங்கள், அரை மணியில் இன்னொன்று. முதல் நாட்களில் எட்டு ஏழாகத்தான் இறங்கும், சில வேளை ஒன்பதாக ஏறும். அது முறை தவறியதன் அடையாளம் இல்லை. வழக்கமான மருந்தைக் கொடுக்காததால் பயம் சத்தம் போடுகிறது. கிழமைகள் போகப் போக, தொடாமலே ஆறு மூன்றாக இறங்கியதை அதே கொப்பி காட்டும்.

நடுவில் ஒரு நாள் தவறும். நம் இளைஞர் இரண்டாம் கிழமையில் உறவினர் ஒருவரின் செத்த வீட்டுக்குப் போய்வந்த இரவு பத்துத் தரம் தொட்டுவிட்டார். அதைக் கோடாகப் போட்டுவிட்டு அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். முதலாம் கிழமைக்குத் திரும்பத் தேவையில்லை.

தேடல்

மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்களான வைட், ஹோர்விட்ஸ் இருவரும் 2008இல் இதை ஆராய்ந்தார்கள். தலையிடி, நெஞ்சு நோ போன்ற சாதாரண அறிகுறிகளை இணையத்தில் தேடுகிறவரை, எளிய காரணத்தைச் சொல்லும் பக்கத்துக்கு இணையாகவே பெரிய நோயைச் சொல்லும் பக்கங்களுக்கும் தேடல் கொண்டுபோகிறது என்று கண்டார்கள். நடைமுறையில் தலையிடிக்காரர்களில் மிகமிகச் சிலருக்குத்தான் மூளையில் கட்டி. தேடல் பக்கத்தில் அந்த விகிதம் தெரியாது. அங்கே மேலே வருவது அதிகம் எழுதப்பட்டதும் அதிகம் பேர் திறந்து பார்த்ததும். தடிமனால் வந்து தானாகவே போன நெறியைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

தேடலுக்கு இடைநிலை விதி சரிவராது. "அஞ்சு நிமிசம் மட்டும்" என்பது ஒரு மணியில்தான் முடியும். அதனால் டொக்டர் தந்த தேதி வரைக்கும் அறிகுறித் தேடல் முழுவதும் இல்லை என்று வையுங்கள். யூடியூப்பில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிடுங்கள். நோய் வீடியோ முன்னால் வந்தால் "ஆர்வமில்லை" என்பதை அமத்துங்கள். சில நாட்களில் வருவது குறையும். போனை இரவில் குசினியிலோ ஹோலிலோ சார்ஜில் போடுங்கள். எழும்ப அலாரம் வேண்டும் என்றால் ஒரு சின்ன மணிக்கூடு வாங்குவது நல்லது. நள்ளிரவில் கேள்வி வந்தால் போனுக்குப் பதில் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த நாள் பின்னேரம் நான்கு மணிக்கு அதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கேள்விகள் வெயிலில் பார்த்தால் சுருங்கிப்போயிருக்கும். மிஞ்சுவதில் மூன்றை மட்டும் டொக்டரிடம் கொண்டுபோகலாம்.

தேடலின் தம்பி ஒருவன் உண்டு: டொக்டரின் துண்டு இல்லாமல் தனியார் லாப்பில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை. அறிக்கையில் இருக்கும் "வழமை அளவு" என்பது சுகதேகிகளில் 95 வீதமானோர் அடங்கும் எல்லை. ஆக, ஒரு குறையும் இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு ஒரு எண் அந்த எல்லைக்கு வெளியே வரும். இருபது எண்கள் உள்ள அறிக்கையில் ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவது சாதாரணம். அந்தத் தடித்த எழுத்து இன்னொரு மாதத் தேடலுக்குப் போதும். பரிசோதனை வேண்டுமா என்பதை உங்களைத் தொட்டுப் பார்த்த டொக்டரே சொல்லட்டும்.

வீட்டாருக்கு

அம்மா பாசத்தில்தான் தொட்டுப் பார்க்கிறார். "ஒண்டுமில்லை ராசா, சின்னனாத்தான் கிடக்கு" என்று ஒவ்வொரு இரவும் சொல்கிறார். அதுவும் ஒரு சோதனைதான், கை மட்டும் அம்மாவின் கை. இதை நிறுத்தும்போது முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தக்கூடாது. பயம் இல்லாத ஒரு பகல் நேரத்தில் இருவரும் இருந்து பேசி ஒரு சொல்லை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் இப்படி வந்தது:

"அம்மா, ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்."

"பயம் கூடிப்போச்சோ தம்பி? தொட மாட்டன் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் பேசினனாங்கள் எல்லே. வா, கிட்ட வந்து இரு. தேத்தண்ணி போடுறன்."

அம்மா பயத்தை மறுக்கவில்லை, நெறியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இந்த அளவுதான் வேண்டும். அண்ணாவிடமும் மாமியிடமும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பதும் இதே விதிக்குள் வரும். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. விரும்பிய பதில் வரும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பூ வைத்துப் பார்ப்பது மட்டும் ஆறுதல் தேடலின் இன்னொரு வடிவம், அதையும் கொப்பியில் கோடாகப் போடுங்கள்.

தனியாக முடியாவிட்டால்

ஆறு கிழமை முயன்றும் கோடுகள் குறையவில்லை, நித்திரை இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகப் பயந்து, வருத்தங்களைக் காட்டாமல் தவிர்ப்பவர்களுக்கும் இதே கதவுதான். "என்ன வருத்தம்" என்று கேட்டால், "ஒரே நோய்ப் பயமா இருக்கு, நிறுத்தேலாமல் சோதிக்கிறன்" என்று சொன்னால் போதும். அங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று பேச்சுச் சிகிச்சை, நீங்கள் மேலே படித்ததை ஒருவர் கூட இருந்து நடத்துவது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளுக்கு வந்த 444 பேரை வைத்து நடந்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களின் பயம் வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களை விடக் கூடுதலாகக் குறைந்தது. இரண்டாவது, மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகள். அவை வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், தொடக்கத்தில் வயிற்றுப் பிரட்டல், பதற்றம் வரலாம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் நோய்ப் பயக்காரர் பலர் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதையும் டொக்டரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மூச்சு எடுக்க முடியாமை, கை கால் திடீரென விழுதல், நெஞ்சை அடைக்கும் நோ போன்றவற்றுக்கு இந்தக் கட்டுரையின் எந்த விதியும் பொருந்தாது. அப்போது 1990 அம்புலன்ஸ்.

டொக்டர் தந்த தேதி வரும்போது, அதற்கு முதல் நாள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நோவோடு போனால் நோவைப் பற்றியே பேச வேண்டி வரும். போய்க் காட்டி, அவர் சரி என்றால், அடுத்த தேதி கேட்க வேண்டாம், தாளில் உள்ள மாற்றங்கள் போதும். பிறகு ஒன்று நடக்கும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். கழுத்தை விட்ட பயம் இன்னோர் இடத்துக்குத் தாவும். நம் இளைஞருக்கு மூன்றாம் மாதத்தில் அது மச்சம் ஒன்றுக்குத் தாவியது. புது அறிகுறியைக் கொப்பியில் தேதியோடு ஒருமுறை எழுதுங்கள். உடனடி ஆபத்துக்குரியது இல்லையென்றால் இரண்டு கிழமை தொடாமல், தேடாமல், யாரையும் கேட்காமல் விடுங்கள். அதன் பிறகும் இருந்தால், முன்பு பார்த்த அதே டொக்டரிடம், ஒருமுறை.